சிரிப்புப் படத்தில் பல் திருத்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல் கம்பியைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். போட்டோஷாப்பை வைத்துப் பதில் சொல்கிறேன். லேயர், மாஸ்க் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

கேள்வி: கம்பி போட்ட பல்லை ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்தேன். கம்பி போனது, ஆனால் பல்லெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

மாதத்துக்கு நாலு பேராவது இதே படத்தை அனுப்புகிறீர்கள். கன்னத்துப் பருவுக்குப் பயன்படுகிற கருவி பல்லுக்குப் பயன்படாது. ஹீலிங் பிரஷ் எடுத்து வைக்கிற துண்டின் நிறத்தை, அது போய் உட்காருகிற இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும். பருவைச் சுற்றி இருப்பது அதே தோல், அதனால் கலந்தால் நல்லது. பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்குகிற பிராக்கெட்டைச் சுற்றியோ கம்பி, ஈறு, பல்லிடுக்கு நிழல் என்று மூன்று நான்கு நிறங்கள். எல்லாம் சேர்ந்து குழம்பும். கூடவே, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இருண்ட கோடு அழிந்துவிடும். அந்தக் கோடுதான் பல்லுக்கு வடிவம் தருகிறது. அது போனால் எட்டுப் பல்லும் ஒரே பல்தான்.

குளோன் ஸ்டாம்ப் எடுங்கள். காலி லேயர் ஒன்று போட்டு, Sample என்ற இடத்தில் Current & Below வையுங்கள். காலி லேயரில்தான் வேலை செய்ய வேண்டும், மூலப் படத்தைத் தொடக் கூடாது. பிரஷ் அகலம் ஒரு பல்லின் கால்வாசி, ஓரம் ரொம்ப மென்மையாக வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பல். பென் டூலால் அந்தப் பல்லின் ஓரத்தைச் சுற்றி வரைந்து, செலக்‌ஷனாக்கி, ஒரு பிக்சல் பெதர் கொடுத்தால் பக்கத்துப் பல்லில் சிந்தாது.

வாசகர் ஒருவர் அனுப்பிய படத்தையே சொல்கிறேன். நடுப்பல் ஏறக்குறைய 120 பிக்சல் அகலம், பிராக்கெட் அதில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் பல்லிடுக்கைக் கடந்து போகிற கம்பித் துண்டுகளை எடுத்தேன். இடுக்கின் கோடு கம்பிக்கு மேலேயும் கீழேயும் சுத்தமாகத் தெரியும். அங்கிருந்து எடுத்து, கோட்டின் போக்கிலேயே இழுத்து மூடினேன். அப்புறம்தான் பிராக்கெட். அதன் மேல்பாதிக்கு ஈறுப் பக்கத்துப் பல்லிலிருந்து எடுத்தேன், கீழ்ப்பாதிக்கு நுனிப் பக்கத்திலிருந்து எடுத்தேன். இரண்டும் சந்திக்கிற நடுவில் மட்டும் ஒபாசிட்டியை 30, 40 சதவீதத்துக்குக் குறைத்தேன். ஏன் இரண்டு பக்கமும்? ஈறருகில் பல் சற்று மஞ்சள், நுனியில் சற்றுச் சாம்பல் கலந்து ஒளி ஊடுருவும். எல்லாவற்றையும் நுனியிலிருந்தே எடுத்தால் காகிதத்தை வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

அந்தப் படத்தில் வலது பக்க இரண்டாம் பல் தகராறு செய்தது. ஈறு வீங்கி இறங்கியிருந்ததால் மேலே சுத்தமான இடமே இல்லை. இடது பக்கத்து இரண்டாம் பல்லை ஏற்கெனவே சரிசெய்திருந்தேன். அதை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, ஓரத்தை இந்தப் பல்லின் கோட்டுக்குள் மாஸ்க் செய்தேன். ஆனால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்த படம் அது. திருப்பியதும் நிழல் தப்பான பக்கத்துக்குப் போய்விட்டது. கர்வ்ஸ் போட்டு உள்பக்கத்தை வெளிச்சமாக்கி, வெளிப்பக்கத்தை இருட்டாக்கிய பிறகே பொருந்தியது.

பிராக்கெட்டில் மாட்டியிருந்த நீல ரப்பர் வளையத்தின் சாயல் சுற்றியுள்ள பல்லில் படிந்திருந்தது. புது லேயரை Color மோடில் வைத்து, சுத்தமான இடத்து நிறத்தைத் தொட்டு, மெல்லப் பூசினால் அது போகும். கடைசியாக மினுக்கம். ஈரப் பல்லில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். கம்பியோடு சேர்ந்து அதையும் எடுத்துவிட்டால் பல் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். உதட்டில் மினுக்கம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அதே பக்கத்தில், 15, 20 சதவீத வெள்ளையால் ஒரு சின்னக் கீற்று. எட்டுப் பல்லுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் முடிக்க வழி கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி: வேறொருவர் படத்திலிருந்து நல்ல பல்லை வெட்டி வைக்கலாமா?

கூடாது. அவருடைய பல்லும் சிரிப்பும் இவருடையது அல்ல. இவரே கம்பி போடுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் நிறத்தை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பல் அதற்குள் நகர்ந்திருக்கும், அதனால் வடிவத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தை வெள்ளை பூசி அடைத்தேன். ஒரே அகலப் பல்லாகிவிட்டது.

மறுபடியும் அதே கோடு! சந்தைப் பூசி அடைக்கக் கூடாது, பல்லை நகர்த்தித்தான் மூட வேண்டும். எல்லா லேயரையும் சேர்த்து ஒரு நகல் எடுத்து, அதில் லிக்விஃபை திறங்கள். உதட்டையும் ஈறையும் Freeze Mask கொண்டு பூட்டிவிடுங்கள். சந்து 16 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்லின் உள் ஓரத்தையும் Forward Warp கொண்டு ஆறாறு பிக்சல் தள்ளி, நடுவில் மூன்று நாலு பிக்சல் கோட்டை விட்டுவிடுங்கள். ஒரு பல்லைப் பத்தில் ஒரு பங்கு வரை அகலமாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் முயல் பல் ஆகிவிடும். அவ்வளவு பெரிய சந்து என்றால் அடுத்தடுத்த பல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்திப் பங்கு போடுங்கள்.

இரு பல்லும் சேருகிற இடத்தில் கீழ்மூலை வளைந்து, தலைகீழ் ‘V’ போல ஒரு சின்ன இடைவெளி இருக்கும். மேலே ஈறு கூர்மையாக இறங்கியிருக்கும். இரண்டையும் காப்பாற்றுங்கள். இன்னொன்று: சந்தை மூடச் சொன்னது யார்? படத்தில் இருப்பவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். பலருக்கு அந்தச் சந்துதான் அவர்கள் முகம்.

கேள்வி: மஞ்சள் கறைக்கு சாச்சுரேஷனை முழுக்க இறக்கினேன். பல் சாம்பலாகிவிட்டது.

முழுக்க இறக்கினால் அப்படித்தான் ஆகும். முதலில் படத்தின் ஒயிட் பேலன்ஸ் சரியா என்று பாருங்கள், பாதி மஞ்சள் விளக்கிலிருந்து வருவது. பிறகு Hue/Saturation திறந்து Yellows மட்டும் தேர்ந்து, சாச்சுரேஷன் -30 அளவு, லைட்னெஸ் +10 அளவு. மாஸ்க்கில் பல் மட்டும் இருக்கட்டும். ஈறும் உதடும் வெளுக்கக் கூடாது. கண்ணின் வெள்ளையை விடப் பல் வெளுப்பாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கோரைப்பல் இயல்பாகவே முன்பல்லை விட மஞ்சள், அதை அப்படியே விடுங்கள். தனித்த பழுப்புப் புள்ளிக்கு குளோன் ஸ்டாம்ப்.

கேள்வி: படத்தை அனுப்பியிருக்கிறேன். கம்பியை எடுக்க முடியவில்லை, ஏன்?

பலமுறை சுருங்கி வந்த படம். அதில் ஒரு பல் 12 பிக்சல். பிராக்கெட்டுக்கு மேலே கீழே எடுக்கப் பல்லே இல்லை. கேமராவில் இருக்கிற மூலப் படத்தைத் தேடி எடுத்துவிட்டுக் கேளுங்கள். இதைப் போன மாதமும் சொன்னேன்.

கேள்வி: அடையாள அட்டைக்கான படத்தில் பல்லைச் சரிசெய்யலாமா?

கூடாது. அப்படிப்பட்ட படங்களில் முகத்தை மாற்றக் கூடாது. கம்பியோடு வாயை மூடிக்கொண்டு எடுங்கள்.

கேள்வி: கீழ்ப்பல்லுக்கும் இதே முறையா?

முறை அதேதான். ஆனால் கீழ்ப்பல் பெரும்பாலும் மேல்பல், மேலுதட்டின் நிழலில் இருக்கும். மேல்பல்லிலிருந்து குளோன் எடுத்து வைத்தால் பளிச்சென்று தனியாகத் தெரியும். பக்கத்துக் கீழ்ப்பல்லிலிருந்தே எடுங்கள்.