கனடாவில் இருக்கும் சேரை ரெபரியாகப் போடலாமா?

வணக்கம் அக்கா,

நான் 2021 இலிருந்து 2023 வரை கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதாரத் திட்டத்தில் களப் பணியாளராக இருந்தேன். அக்கராயன் பக்கத்து மகளிர் குழுக்கள் என் பொறுப்பு. திட்டம் முடிந்ததும் எல்லோரும் பிரிந்துவிட்டோம். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு திட்ட அலுவலர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். முடிவுத் திகதி இம்மாதம் 28. உறவினர் அல்லாத இரண்டு ரெபரி கேட்டிருக்கிறார்கள். எங்கள் திட்ட முகாமையாளராக இருந்த சேர் இப்ப ரொறன்ரோவில். பொங்கலுக்குக்கூட ஒரு வாழ்த்து அனுப்பாமல் இருந்துவிட்டு இப்ப உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்லலாமா? கேட்பதென்றால் என்ன எழுதுவது?

ச., கோண்டாவில்

அன்புள்ள ச.,

கேட்ட பிறகுதான் போட வேண்டும். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆட்களைத் தெரிவுசெய்யும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். ரெபரிக்கு அழைப்பு எடுத்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: எவ்வளவு காலம் உங்களோடு வேலை செய்தார், என்ன பொறுப்பு, ஏன் வேலையிலிருந்து நின்றார், எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் பழக வேண்டும், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா. முன்கூட்டித் தெரியாத ஒருவர் இந்தக் கடைசிக் கேள்விக்கு முன் சில நொடி தடுமாறுவார். உங்கள் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளத்தான் அவருக்கு அந்த நொடிகள் தேவைப்பட்டிருக்கும். கேட்கிறவரோ உங்களைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்வார்.

கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடியும்போது ஒப்பந்தமும் முடிகிறது. களத்தில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுகிறார்கள். அதனால் அங்கே முகாமையாளராக இருந்த ஒருவருக்கு இப்படியான கடிதம் வருவது பழகிப்போன விஷயம். இவ்வளவு நாள் பேசாததற்கு ஒரு வரி போதும். ஒரு பந்தி முழுக்க மன்னிப்புக் கேட்டால் படிக்கிறவருக்குத்தான் சங்கடம்.

மின்னஞ்சலில் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் 'சேர், மெயில் ஒன்று அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கோ' என்று மட்டும் போடுங்கள். அழைப்பு எடுத்துக் கேட்க வேண்டாம். நேரடியாகக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அப்படி வாங்கிய சம்மதத்தை நம்பி விண்ணப்பம் அனுப்ப முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

'வணக்கம் சேர். நான் ச. 2021 இலிருந்து 2023 வரை கிளிநொச்சி வாழ்வாதாரத் திட்டத்தில் உங்களுக்குக் கீழே களப் பணியாளராக இருந்தேன். அக்கராயன் பக்கத்து மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொண்டதும் அவற்றின் மாத அறிக்கைகளை எழுதியதும் நான்தான். இவ்வளவு நாளும் தொடர்பில் இல்லாததற்கு மன்னிக்கவும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு திட்ட அலுவலர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். குழுக்களோடு வேலை செய்த அனுபவத்தையும் அறிக்கை எழுதும் திறமையையும் முக்கியமாகக் கேட்டிருக்கிறார்கள். என் வேலையைப் பற்றி நம்பிக்கையோடு நல்லவிதமாகச் சொல்லலாம் என்று நீங்கள் நினைத்தால், உங்களை ரெபரியாகக் குறிப்பிட விரும்புகிறேன். நேரம் இல்லாவிட்டாலோ வேறு ஏதாவது தடை இருந்தாலோ தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறொருவரிடம் கேட்டுக்கொள்வேன்.

சம்மதம் என்றால் எந்த மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் போடலாம், உங்கள் பதவியை எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள். முடிவுத் திகதி 28 என்பதால் 22 க்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். என் சி.வி.யையும் வேலை விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.'

அறிக்கையைப் பற்றி நான் ஊகித்துத்தான் எழுதினேன். அந்த இடத்தில் நீங்கள் உண்மையில் செய்ததை, அதுவும் சேர் கண்ணால் பார்த்ததை வையுங்கள். 'நான் கடினமாக உழைத்தது உங்களுக்குத் தெரியும்' என்ற வரியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அழைப்பு வரும்போது அவர் சொல்லப்போவது நீங்கள் இப்போது நினைவூட்டும் விஷயங்களைத்தான்.

இந்தக் கடிதத்தில் நான் மாற்ற விடமாட்டேன் என்பது 'நம்பிக்கையோடு நல்லவிதமாக' என்ற இடம். பெயரைப் போடலாமா என்று மட்டும் கேட்டால் யாரும் ஓம் என்பார்கள். இப்படிக் கேட்டால், மனதில் குறை உள்ளவர் நேரமில்லை என்று சொல்லி விலகிக்கொள்ள வழி கிடைக்கும். அவர் விலகுவது உங்களுக்கு நல்லது. அரைமனதோடு பேசும் ரெபரி விண்ணப்பத்தைக் கெடுத்துவிடுவார்.

பதிலையும் கவனமாகப் படியுங்கள். அந்தக் குழுக்களைப் பற்றி ஏதாவது விசாரித்தாலோ, புது வேலை என்ன மாதிரி என்று கேட்டாலோ, அவர் உங்களுக்காகப் பேசத் தயார் என்று அர்த்தம். 'ஓம், போடுங்கோ' என்று மட்டும் வந்து, இலக்கமும் பதவியும் கேட்டதற்குப் பதிலே இல்லையென்றால், கடிதத்தை அவர் முழுக்கப் படிக்கவில்லை. ஒருமுறை மட்டும் அதைத் திருப்பிக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் நாலைந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் சத்தமில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுக்க வேண்டாம்; அதே திட்டத்தில் உங்கள் வேலையை நேரில் பார்த்த கள இணைப்பாளரிடம் போங்கள். 22 என்று திகதி வைத்ததே அதற்கு நாள் விடத்தான்.

இன்னொரு பதிலும் வரலாம். தனிப்பட்ட முறையில் கருத்துச் சொல்லக்கூடாது, மனிதவளப் பிரிவுதான் பதில் தரும் என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. அவர் அப்படிச் சொன்னால் மனம் வருந்த வேண்டாம். அந்தப் பிரிவு பெரும்பாலும் பதவியையும் வேலை செய்த காலத்தையும் மட்டும் உறுதிசெய்யும். நீங்கள் நிற்கும்போது தந்த சேவைக் கடிதம் அதற்கு ஏற்கெனவே போதும். ரெபரியாக வேறொருவரைத் தேடுங்கள்.

சம்மதம் வந்ததும் சி.வி.யில் அவருடைய இப்போதைய கனடாப் பதவியை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் படிக்கிறவருக்கு உங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று புரியாது. கிளிநொச்சியில் என்னவாக இருந்தார், எந்த ஆண்டுகளில் உங்கள் மேலதிகாரி என்பதை முதலில் எழுதி, இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார் என்று சேருங்கள். மின்னஞ்சலை மேலே, தொலைபேசியைக் கீழே போடுங்கள். ரொறன்ரோ நேரம் கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். யாழ்ப்பாணத்தில் காலை பத்து மணிக்கு அழைப்பு எடுத்தால் அவருக்கு நடுராத்திரி. எங்கள் மாலை ஆறு மணி அங்கே காலை ஏழரை அல்லது எட்டரை. அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு இலங்கை நேரத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது ரெபரியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஊரில் வழக்கமாகப் பாடசாலை அதிபரையோ சமாதான நீதவானையோ போட்டுவிடுவோம். நற்சான்றிதழுக்கு அது சரி. இந்தப் பதவிக்கு நீங்கள் வேலை செய்ததைப் பார்த்த இன்னொருவர்தான் வேண்டும். அவருக்கும் இதே கடிதம்தான், நினைவூட்டும் வரிகளை மட்டும் மாற்றுங்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அன்றே இருவருக்கும் நிறுவனத்தின் பெயரோடு ஒரு செய்தி அனுப்புங்கள். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை அப்போதுதான் எடுப்பார்கள். முடிவு எதுவானாலும் அதையும் சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்குப் போடுவதற்கு முன் மறுபடி ஒரு வரி கேளுங்கள். இப்போது அவர்கள் தரும் அனுமதி இந்த வேலைக்கு மட்டும்தான்.

அன்புடன்,
அக்கா