எந்தப் படத்தை முதலில் வைப்பது?

வணக்கம் அம்மா. எனக்கு வயது 44. டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தங்கை வற்புறுத்தியதால் டிண்டர் என்ற துணை தேடும் செயலியில் சேர்ந்தேன். முதல் படம் காருக்குள் கறுப்புக் கண்ணாடியுடன் எடுத்த செல்ஃபி. அடுத்தது ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அதில் மனைவியை வெட்டிவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த படம். பிறகு தைப்பூசத்தில் காவடி எடுத்தது, நண்பர்கள் ஏழு பேருடன் நிற்பது, கடைசியாக ஒரு மார்பளவுப் படம். தொப்பை இருப்பதால் முழு உருவப் படம் போடவில்லை. யாரும் பேச வருவதில்லை. வந்த ஒரே பெண்ணும் காபிக் கடையில் என்னைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினார், பிறகு பேச்சே ஓடவில்லை. ஐந்தையும் இணைத்திருக்கிறேன். எப்படி அடுக்கலாம்?

தம்பி, இரண்டாவது படத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் இடது தோளைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் மனைவியின் விரல்கள் அங்கே இருக்கின்றன. பார்க்கிற பெண்ணுக்கு உங்கள் கதை தெரியாது. மனைவி இருக்கிறாரோ, பிரிந்துவிட்டாரோ என்றுதான் எண்ணுவார். அந்தப் படத்தில் நீங்கள் மலர்ந்திருப்பது பக்கத்தில் நின்றவரால். அதை வெட்டாமல் முழுதாகவே வீட்டில் வையுங்கள். மனைவியை இழந்தவர் என்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அதைப் படத்தின் ஓரத்தில் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

இனி முதல் படம். அது 'இவர் யார்' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நீங்கள் தனியாக இருக்க வேண்டும், கண்கள் தெரிய வேண்டும், நெஞ்சுக்கு மேல் இருந்தால் போதும். கறுப்புக் கண்ணாடி கண்ணை மறைக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கைநீட்டி எடுத்த செல்ஃபி என்பது. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருந்தால் அதற்கு நெருக்கமான மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். தங்கையை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். டர்பன் கடற்கரை கிழக்கு பார்த்தது. மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்க, நடைபாதையில் நிழல் விழும். அந்த மென்மையான வெளிச்சம் போதும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழிகள் இருண்டுவிடும்.

எடுத்தபின் நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். நமக்குப் பழகிய நம் முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் முகம். அதனால் நம் படங்களை எடைபோடுவதில் நாம் தடுமாறுகிறோம். 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சுயவிவரப் படங்களைச் சம்பந்தப்பட்டவர்களையும் அந்நியர்களையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்நியர்கள் தேர்ந்தெடுத்தவையே பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கின. எனவே எட்டுப் பத்துப் படங்களை, உங்களை அதிகம் பழகாத இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். அலுவலகத்தில் வேறு பிரிவில் இருக்கும் பெண்கள் பொருத்தம். உங்களுக்குப் பிடித்தது எது என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். தங்கை படம் எடுக்கட்டும், தேர்வு செய்ய வேண்டாம். அவருக்கு உங்கள் எல்லா முகமும் பிடிக்கும்.

முழு உருவப் படத்தை இரண்டாவதாக வையுங்கள். நீங்கள் அஞ்சும் இடம் இதுதான் என்பது தெரிகிறது. காபிக் கடையில் அவர் ஏன் தயங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மார்பளவுப் படங்களை மட்டும் பார்த்து வருபவர் மீதி உருவத்தைக் கற்பனை செய்துகொண்டுதான் வருவார். நேரில் ஒரு திருத்தம் நிகழ்கிறது. அந்தத் திருத்தத்தை நீங்கள் அவர் முகத்தில் படித்துவிட்டு, மீதி நேரம் வயிற்றை உள்ளிழுத்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். தொப்பை இரண்டாவது படத்திலேயே தெரிந்தால், அதைப் பொருட்படுத்துபவர் அங்கேயே நகர்ந்துவிடுவார். மிஞ்சுபவரைச் சந்திக்கும்போது நீங்கள் ஒளிக்க எதுவும் இருக்காது. கேமரா இடுப்பு உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். தலை உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும். செருப்பு வரை தெரிய வேண்டும். இறுக்கமான சட்டையும் வேண்டாம், தொளதொள சட்டையும் வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் எதிலாவது மும்முரமாக இருக்கும் இயல்பான படம். 'இயல்பாக இரு' என்றால் யாருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போதோ, தோட்டத்தில் வேலை செய்யும்போதோ தங்கையை அரை நிமிட வீடியோ எடுக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்குங்கள். வீடியோவாக எடுத்த படம் சற்றுத் தெளிவு குறைந்திருந்தாலும் இந்த இடத்தில் பரவாயில்லை.

காவடிப் படத்தை நீக்க வேண்டாம், நான்காவதாக வையுங்கள். கன்னத்தில் வேலுடன் இருக்கும் முகத்தை அந்த வழிபாடு அறியாதவர் முதலில் கண்டால் திடுக்கிடுவார். உங்களைக் கொஞ்சம் பார்த்த பிறகு கண்டால் அதைப் பற்றிக் கேட்பார். நண்பர்கள் படம் தேவையில்லை. எட்டுப் பேரில் நீங்கள் யார் என்று தேட யாருக்கும் பொறுமை இல்லை. படத்தைப் போடலாமா என்று அந்த நண்பர்களிடமும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

டிண்டரில் Smart Photos என்ற அமைப்பு இயங்கினால் முதல் படத்தைச் செயலியே மாற்றி மாற்றிக் காட்டும். அதை அணைத்துவிட்டு அடுக்குங்கள், இல்லையென்றால் வேல் குத்திய முகம் சிலருக்கு முதலில் போய் நிற்கும்.