புத்தர் மறைவு: 486-ஆ, 368-ஆ?

"ஒரு நூல் கி.மு. 486 என்கிறது, இன்னொன்று 368. ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

இரண்டுமே அசோகரிலிருந்து பின்னோக்கி எண்ணியவை, இடைவெளிதான் வேறு. புத்தர் மறைந்து 218 ஆண்டு கழித்து அசோகர் முடிசூடினார் என்கிறது இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான தீபவம்சம். வடக்குப் பௌத்த மரபின் சமஸ்கிருத, சீன நூல்களில் அது 100 ஆண்டு.

நீங்களே கூட்டிப் பாருங்கள். அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டு அந்தியோகஸ் முதலான ஐந்து கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்கிறது. அவர்களின் ஆட்சிக் காலத்தை வைத்து அசோகரின் முடிசூட்டு சுமார் கி.மு. 268 என்கிறார்கள். அதோடு 218 சேர்த்தால் 486, 100 சேர்த்தால் 368.

ஆனால் 100 என்பது தோராய முழு எண்ணாக இருக்கலாம். 218-லும் சிக்கல் உண்டு: புத்தரின் சீடர் உபாலி முதல் அசோகர் காலத்துத் துறவி மொக்கலிபுத்த திஸ்ஸர் வரை வழிவழி வந்த ஐந்தே ஆசிரியர்கள் அத்தனை ஆண்டையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதனால் ஆய்வாளர்கள் பலர் இப்போது கி.மு. 400-ஐ ஒட்டி வைக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.