ஜிஎஸ்டி அபராதம் இருக்கிறது, இன்றே கட்டாவிட்டால் கடைக்கு சீல் என்று போன் வருகிறது. என் ஜிஎஸ்டி நம்பரையும் சரியாகச் சொல்கிறார்கள். உண்மையா?

நம்பரைச் சொன்னார்கள் என்பதால்தான் பயந்திருப்பீர்கள். நானும் அதில்தான் விழுந்தேன்.

எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. போன ஜூலையில் ஒருவர் கூப்பிட்டு, "மே மாச 3பி ரிட்டர்னை ஜூன் 20க்குள்ள போட்டிருக்கணும், நீங்க 27ந் தேதி போட்டிருக்கீங்க" என்றார். அது உண்மைதான். தேதி வரைக்கும் தெரிகிறதே, ஆபீஸாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். 38,400 ரூபாய், நாலு மணிக்குள் யுபிஐயில் போடு என்றார். முன்பணமாக 6,000 போட்டேன். பணம் போன பிறகுதான் கவனித்தேன், திரையில் வந்தது யாரோ ஒரு தனி ஆளின் பெயர். படித்தவன் இப்படி ஏமாறுவானா என்று கேட்பவர்கள், கடையில் நாலு வாடிக்கையாளர் நிற்கும்போது அந்தப் போனை எடுத்துப் பார்க்கட்டும்.

அப்புறம்தான் தெரிந்தது: gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் நம்பரைப் போட்டு, கடைப் பெயர், முகவரி, எந்த ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பது வரை பார்க்கலாம். லாகின்கூட வேண்டாம். ஏழு நாள் தாமதத்துக்கு நாளுக்கு 50 வீதம் 350 ரூபாய்தான் தாமதக் கட்டணம், கூடவே கொஞ்சம் வட்டி. அந்த 350-ம் அடுத்த மாத 3பி-யில் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போனை வைத்துவிட்டு உங்கள் லாகினில் Services, User Services, View Notices and Orders போய்ப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே View Additional Notices/Orders என்று இன்னொன்று இருக்கும், அதையும் திறக்க வேண்டும். பல நோட்டீஸ் அங்கேதான் கிடக்கும். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் என்று பிடிஎஃப் அனுப்பினால் அதிலுள்ள RFN என்ற குறிப்பு எண்ணை அதே தளத்தின் Verify RFN-இல் போட்டுப் பாருங்கள். உண்மையான பாக்கி என்றால், யுபிஐயில் கட்டினாலும் போர்ட்டலில் சலான் போட்டுத்தான் கட்ட முடியும், 14 இலக்க CPIN எண் வரும். ஆபீஸிலிருந்து போனே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கும் வழிகளைச் சொல்லும் 169ஆம் பிரிவில் போன் கிடையாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நான் வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்து அடித்தேன், 6,000 போனது போனதுதான்.

இதைவிட எனக்கு எரிச்சல் வேறு. நான் லாகின் செய்யப் போனால் ஓடிபி என் போனுக்கு வரவில்லை. பதிவு செய்தபோது எங்கள் கணக்கர் தன் மொபைலையும் மெயிலையும் போட்டு வைத்திருந்தார். ஆறு வருஷமாக என் கடைக்கு வந்த எல்லா மெயிலும் அவருக்குப் போயிருக்கிறது! கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி?" என்கிறார்.