பாஸ்வேர்ட் மேனேஜரை நிறுத்தும் முன் எதை எடுத்துவைப்பது?

கேள்வி: பிட்வார்டன் பிரீமியம் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் குரோமிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நிறுத்தினால் சேமித்த லாகின்கள் எல்லாம் போய்விடுமா? எக்ஸ்போர்ட் செய்யப் போனால் நாலு வகை ஃபைல் காட்டுகிறது. என்கிரிப்ட் செய்ததை எடுத்துவைத்துவிட்டு அக்கவுன்ட்டை அழித்துவிட்டால் போதுமா?

பதில்: அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் வரிசையில் செய்தால், கையில் ஒரு ஃபைல் இருக்கும், ஆனால் அதை உலகத்தில் எவராலும் திறக்க முடியாமல் போக வாய்ப்பு உண்டு.

காரணம் இதுதான். `.json (Encrypted)` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்குள் இன்னும் இரண்டு வகை வரும். `Account restricted` என்பது உங்கள் அக்கவுன்ட்டின் சாவியைக் கொண்டே பூட்டப்படும் ஃபைல். அக்கவுன்ட்டை அழித்தால் சாவியும் அழிந்துவிடும். அதன் பிறகு அதே மின்னஞ்சலில், அதே மாஸ்டர் பாஸ்வேர்டில் புதிதாக அக்கவுன்ட் தொடங்கினாலும் சாவி வேறு, ஃபைல் திறக்காது. `Password protected` என்பது நீங்களே கொடுக்கும் ஒரு பாஸ்வேர்டால் பூட்டப்படுவது. பழைய அக்கவுன்ட் இல்லாவிட்டாலும் அதை எந்தப் பிட்வார்டன் அக்கவுன்ட்டிலும் இறக்குமதி செய்துகொள்ளலாம். காப்புக்கு எடுத்துவைக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். அதற்கான பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதையும் வால்ட்டுக்குள்ளேயே சேமித்தால் பயனில்லை.

இனி, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. பிரீமியத்தை நிறுத்துவதும் அக்கவுன்ட்டை அழிப்பதும் இரண்டு தனி வேலைகள். பிரீமியத்தை நிறுத்தினால் கட்டிய காலம் முடியும் வரை அப்படியே ஓடும், அப்புறம் இலவசத் திட்டத்துக்கு இறங்கும். லாகின்கள் எதுவும் போகாது. இலவசத் திட்டத்தில் லாகின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. நிற்பது கூடுதல் வசதிகள்தான். அதில் உங்களைத் தொடக்கூடியது ஒன்று: இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காக வால்ட்டிலேயே மாறி மாறி வரும் ஆறு இலக்கக் குறியீடு. அதை உருவாக்கும் ரகசியச் சாவி உள்ளேயே இருக்கும், ஆனால் குறியீடு காட்டாது. அவசரமாக ஒரு தளத்துக்குள் நுழையும்போது இது தெரியவந்தால் நிலைமை கஷ்டம். ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கேயே போய் சந்தாவை நிறுத்துங்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது.

அந்தந்தத் தளங்களில் இருக்கும் உங்கள் கணக்குகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மேனேஜரில் இருப்பது பாஸ்வேர்டின் ஒரு பிரதி மட்டும். அதை அழித்தாலும் பழைய பாஸ்வேர்டே தளத்தில் செல்லும். அந்தப் பாஸ்வேர்ட் உங்களிடம் வேறெங்கும் இல்லாமல் போவதுதான் இழப்பு. பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் பாஸ்கீ மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

குரோமுக்கு மாற்ற `.csv` ஃபைல் வேண்டும். இங்கேதான் அதிகம் நழுவுகிறது. பிட்வார்டன் தரும் சிஎஸ்வியில் லாகின்களும் குறிப்புகளும் மட்டுமே வரும். கார்டு விவரம், அடையாள விவரம், இணைப்பு ஃபைல்கள், பாஸ்கீ எதுவும் வராது. வேறொருவருடன் ஆர்கனைசேஷன் வழியாகப் பகிர்ந்தவையும் உங்கள் தனி எக்ஸ்போர்ட்டில் சேராது. முதல் வரி இப்படி இருக்கும்:

```
folder,favorite,type,name,notes,fields,reprompt,login_uri,login_username,login_password,login_totp
```

கடைசியில் இருக்கும் `login_totp` என்பதைக் கவனியுங்கள். குரோம் எடுத்துக்கொள்வது முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட், குறிப்பு இவ்வளவுதான். இரண்டாம் கட்டச் சாவியை வைக்க அதில் இடமே இல்லை. இறக்குமதி வெற்றி என்று வரும், சாவி மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும்.

ஆகவே `login_totp` இடத்தில் ஏதாவது எழுதியிருக்கும் லாகின்களை முதலில் தனியே பாருங்கள். உதாரணமாக, உங்கள் மின்னஞ்சல் கணக்கின் வரியில் அந்த இடத்தில் ஒரு நீண்ட எழுத்துக்கோவை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஓர் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து, சாவியைக் கையால் உள்ளிடும் வழியைத் தேர்ந்தெடுத்து அதைப் போடுங்கள். அது `otpauth://` என்று தொடங்கினால் `secret=` என்பதற்கும் அடுத்த `&` குறிக்கும் நடுவில் இருப்பதுதான் சாவி. பிரீமியம் இன்னும் ஓடும்போதே இதைச் செய்தால் சரிபார்ப்பது எளிது. ஒரே சாவியிலிருந்து ஒரே 30 வினாடிக்குள் இரண்டு இடத்திலும் ஒரே ஆறு இலக்கம்தான் வர வேண்டும். வேறுபட்டால் சாவியில் ஓர் எழுத்து தவறியிருக்கும், அல்லது போனின் கடிகாரம் பிசகியிருக்கும்.

பாஸ்கீயைச் சிஎஸ்வி வழியாக நகர்த்தவே முடியாது. பாஸ்கீ இருக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் பழையதை வைத்தே நுழைந்து, குரோமில் புதிதாக ஒன்றை உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து பார்த்தபின் பழையதைத் தளத்தின் அமைப்பிலிருந்து நீக்குங்கள். பாஸ்கீயை மட்டுமே நம்பியிருக்கும் கணக்கு என்றால், வால்ட்டை அழித்த பிறகு தளத்தின் மீட்பு வழி ஒன்றே மிச்சம்.

சிஎஸ்வியை எக்ஸெல் போன்ற விரிதாளில் திறந்து சேமிக்காதீர்கள். `007315` என்ற பாஸ்வேர்ட் `7315` ஆகிவிடும். `=` என்று தொடங்கும் பாஸ்வேர்டை அது கணக்குச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். நீண்ட இலக்க வரிசைகளைச் சுருக்கி எழுதிவிடும். பார்க்க வேண்டுமென்றால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும். வரிகளை எண்ணி லாகின் எண்ணிக்கையோடு ஒப்பிட நினைத்தால், பல வரிக் குறிப்புகள் இருந்தால் கணக்கு கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இறக்குமதி முடிந்ததும் எத்தனை சேர்ந்தன, எவை சேரவில்லை என்று குரோமே காட்டும். முகவரி இல்லாத பதிவுகள்தான் அங்கே பெரும்பாலும் நிற்கும். அவற்றைக் கையால் சேருங்கள்.

இறக்குமதி ஆனதும் பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனை முடக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் புதிதாக மாற்றும் பாஸ்வேர்ட் ஒன்றில் சேரும், மற்றொன்றில் பழையதே இருக்கும். எது சரி என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

அந்தச் சிஎஸ்வி ஃபைல் திறந்த புத்தகம். அதில் எதுவும் பூட்டப்பட்டிருக்காது. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுடுடன் ஒத்திசைந்து ஓடுகிறதா என்று எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே பாருங்கள். ஓடினால், ஃபைல் இறங்கிய கணமே ஒரு பிரதி மேலே போயிருக்கும். வேலை முடிந்ததும் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, கிளவுடின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள். நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது பாஸ்வேர்டால் பூட்டிய அந்த ஜேசன் ஃபைல் மட்டும். இணைப்பு ஃபைல்கள் இருந்தால் அவற்றைப் பிரீமியம் முடிவதற்குள் தனியே இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது இணைப்புகளையும் சேர்த்துத் தரும் `.zip` வகையை எடுங்கள். அதுவும் பூட்டில்லாததுதான்.

அக்கவுன்ட்டை அழிக்க அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. இலவசத் திட்டத்தில் அது சும்மா இருப்பதால் செலவில்லை. இரண்டு மாதம் குரோமை மட்டும் வைத்துப் புழங்குங்கள். அரிதாக நுழையும் தளங்கள், வரி, காப்பீடு போன்றவை, அந்தக் காலத்தில்தான் விடுபட்டது தெரிய வரும். அப்படி எதற்கும் பிட்வார்டனைத் தேடிப் போக வேண்டியிராதபோது, வெப் வால்ட்டில் அக்கவுன்ட் அமைப்புக்குள் போய் `Delete account` கொடுங்கள். அதற்குப் பின் திரும்பப் பெற வழியில்லை.