புழுக்கத்தில் எவ்வளவு தண்ணீர் தேவை?

“வெயிலும் புழுக்கமுமான நாளில் பெரியவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்? நீரிழப்பை எப்படித் தெரிஞ்சுக்கறது?”

உடலை விட்டுப் போகும் நீரைவிட உள்ளே வருவது குறைந்தால் அதுதான் நீரிழப்பு. நிழலில் இருப்பவருக்கு நாளுக்குச் சுமார் 3 லிட்டர் போதும். வெளியில் உழைப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஈரக்காற்றில் துணி உலராததுபோல வியர்வையும் உலராமல் சொட்டும். சூடு தணியாததால் உடல் மேலும் வியர்க்கும்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காமல் 70 கிலோ 69 ஆனால், போனது ஏறக்குறைய 1 லிட்டர். அடுத்த முறை அந்த அளவை வேலையின்போதே, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடியுங்கள்.

சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைவதும் எழுந்தால் தலைசுற்றுவதும் எச்சரிக்கை. பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் உடனே மருத்துவமனைதான்.

எவ்வளவு குடித்தாலும் நல்லதே என்பது தவறு: மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் இரத்தத்தின் உப்பு ஆபத்தான அளவுக்கு நீர்த்துவிடலாம்.