டெல்டாவைச் சரிசெய்வது கடிகாரம் பார்த்தா, விலகல் பார்த்தா?

கேள்வி: மூன்று மாதக் கால் ஆப்ஷன்களை விற்று, பங்குகளை வாங்கி டெல்டாவைச் சமன் செய்து வருகிறேன். ஒரு நாளில் ஆறு முறை சரிசெய்தால் செலவு பிரீமியத்தைத் தின்கிறது. வாரம் ஒருமுறை என்று வைத்தால் லாப நஷ்டம் தாறுமாறாக ஆடுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிசெய்வது சரி?

பதில்: முதலில் இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பங்கின் விலை 100, ஸ்ட்ரைக் விலையும் 100, வாலட்டிலிட்டி ஆண்டுக்கு 20 சதவீதம், வட்டி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதக் கால் ஆப்ஷனின் விலை ஒரு பங்குக்கு ஏறத்தாழ 4 வரும். இனி வரும் எண்கள் எல்லாம் இதே அளவில், ஒரு பங்குக்குரியவை. வாங்கினாலும் விற்றாலும் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு, அதாவது தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் பாதி ஆகிய மூன்றும் சேர்ந்து, பரிமாற்ற மதிப்பில் 0.05 சதவீதம் என்று கொள்வோம்.

வாரம் ஒருமுறை சரிசெய்தால் ஆப்ஷன் முடியும்வரை ஆகும் சராசரிச் செலவு 0.06, டெல்டாவைச் சமன் செய்தும் மிஞ்சும் லாப நஷ்டமான ஹெட்ஜ் பிழையின் திட்ட விலக்கம் 0.98, அதாவது பிரீமியத்தில் ஏறக்குறைய கால்பங்கு. தினம் ஒருமுறை என்றால் செலவு 0.13, பிழை 0.44. தினம் ஆறு முறை என்றால் செலவு 0.31, பிழை 0.18. தொடக்கத்தில் பங்கு வாங்குவதற்கும் முடிவில் விற்பதற்கும் ஆகும் செலவு எந்த வழியிலும் இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிழை, சரிசெய்யும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. செலவு அதே வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஆகவே பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு அடிக்கடி சரிசெய்ய வேண்டும், செலவும் இரண்டு மடங்காகும். செலவு இப்படி வாலட்டிலிட்டியைக் கூட்டிக் கணக்கிடுவதற்குச் சமம் என்பதை 1985-இல் பொருளியலாளர் ஹெய்ன் லேலண்ட் காட்டினார். மேற்கண்ட கணக்கில் தினம் ஒருமுறை சரிசெய்யப் போகிறவர், 20 சதவீதத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 20.6 சதவீத வாலட்டிலிட்டிக்கு விலை கேட்டால்தான் செலவு ஈடுகட்டப்படும்.

இந்த இரண்டையும் நேராகக் கூட்ட முடியாது என்பதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல். செலவு ஒவ்வொரு முறையும் கையைவிட்டுப் போகும் பணம். பிழையோ சராசரியில் பூஜ்யம், சில சமயம் உங்கள் பக்கமும் விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பங்குகளில் ஆப்ஷன் விற்றிருப்பவருக்குப் பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும், செலவுகள் மட்டும் அப்படியே கூடிக்கொண்டே போகும். அவர் உங்களைவிட அரிதாகச் சரிசெய்வதில் தவறில்லை. ஒரே நிலையை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே ஊசலாட்டத்துக்கு நீங்களே ஒரு விலை வைக்க வேண்டும். திட்ட விலக்கம் 1 உள்ள ஊசலாட்டத்திலிருந்து விடுபட 0.5 தரத் தயாராக இருக்கிறீர்கள் என்று வைப்போம். அப்போது பிழையின் வர்க்கத்தில் பாதியைச் செலவோடு கூட்டிப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை 0.54 வருகிறது, தினம் ஒருமுறை 0.22, தினம் ஆறு முறை 0.33. இந்த விலையில் தினம் ஒருமுறையே நல்லது. அந்த இடத்துக்கு அருகில் கோடு மிகவும் தட்டையாக இருப்பதால், தினம் ஒருமுறையா ஒன்றரை முறையா என்று மெனக்கெடுவதில் பயன் ஏதுமில்லை.

ஆனாலும், கடிகாரத்தை வைத்துச் சரிசெய்வதையே கைவிடுங்கள் என்பது என் கருத்து. விலை அசையாத நாளிலும் கடிகாரம் சிறு சிறு பரிமாற்றங்களைச் செய்யச் சொல்லும். விலை பாய்ந்த நாளில் அடுத்த நேரம் வரும்வரை உங்களைக் காத்திருக்க வைக்கும். அதற்குப் பதிலாக, கணக்கிட்ட டெல்டாவுக்கு இருபுறமும் ஒரு பட்டையை வைத்துக்கொண்டு, கையிருப்புப் பங்கு அந்தப் பட்டையை விட்டு வெளியேறும்போது மட்டும் சரிசெய்வது நல்லது. அந்தப் பட்டையின் ஒரு பக்க அகலத்துக்கு எலிசபெத் வேலி, பால் வில்மாட் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் தந்த தோராயச் சூத்திரம், வட்டி பூஜ்யமாக இருக்கும்போது இது:

```
H = (1.5 · k · S · Γ² / γ)^(1/3)
```

இதில் k என்பது ஒரு பக்கச் செலவு விகிதம், S பங்கின் விலை, Γ என்பது பங்கு விலை 1 நகரும்போது டெல்டா மாறும் அளவான காமா, γ என்பது இடருக்கு நீங்கள் வைத்த விலை; மேலே நாம் வைத்தது γ = 1 என்பதற்குச் சமம். நம் ஆப்ஷனின் காமா ஏறத்தாழ 0.04. எண்களைப் போட்டால் அகலம் 0.05 வருகிறது. அதாவது டெல்டா 0.50 என்றால், கையிருப்பு 0.45-க்கும் 0.55-க்கும் இடையில் இருக்கும்வரை எதையும் தொட வேண்டாம். பங்கு விலையில் இது 1.2 அளவு நகர்வு. ஒரு நாளின் இயல்பான நகர்வும் ஏறக்குறைய அதுவே.

கனமூலம் இருப்பதால், செலவு எட்டு மடங்கானால்தான் பட்டை இரண்டு மடங்காகும். செலவை நீங்கள் சற்றுத் தவறாக மதிப்பிட்டிருந்தாலும் பெரிய கேடு வராது. காமாவின் விளைவு அதைவிடப் பெரிது. முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விலை ஸ்ட்ரைக்கிலேயே நின்றால், காமா 0.22 ஆகிறது, பட்டையும் 0.16-க்கு விரிகிறது. டெல்டாவில் அது விரிந்தாலும், விலையில் பார்த்தால் வெறும் 0.7 நகர்வில் எல்லை வந்துவிடும். முதல் நாளில் வைத்த 0.05-ஐ அந்தக் கடைசி நாட்களிலும் பிடித்துக்கொண்டிருப்பவர், விலை 0.22 அசைந்தாலே ஓடி ஓடிப் பரிமாற்றம் செய்வார். செலவு கட்டுமீறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எல்லையைத் தாண்டியதும் எதுவரை சரிசெய்வது என்பதும் முக்கியம். செலவு முழுவதும் பரிமாற்ற மதிப்பின் விகிதமாக இருந்தால், பட்டையின் அருகிலுள்ள விளிம்புவரை வந்தால் போதும், நடுப்புள்ளிவரை போக வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு நிலையான கட்டணம் இருந்தால் மட்டும், அடிக்கடி கட்டாமலிருக்க விளிம்பைக் கடந்து உள்ளே செல்லுங்கள். டெல்டாவை எப்போதும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலையைக் கொண்டே கணக்கிடுங்கள். கடைசியாக நடந்த பரிமாற்றத்தின் விலையை எடுத்தால், அது இரண்டு விலைகளுக்கும் இடையில் மாறி மாறித் துள்ளும்போது, உண்மையில் விலை நகராமலே பட்டையின் விளிம்பில் வாங்கி விற்றுக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு அடிக்கடி சரிசெய்தாலும் தீராத பிழைகளும் உண்டு. நீங்கள் 20 சதவீதத்துக்கு விற்ற ஆப்ஷனின் ஆயுளில் பங்கு 22 சதவீத வாலட்டிலிட்டியில் ஆடினால், நட்டம் சராசரியாக 0.40 இருக்கும். இது தினசரி ஹெட்ஜின் முழுப் பிழைக்கு ஏறத்தாழ ஈடு. ஆறு முறை சரிசெய்தாலும் இது அப்படியே இருக்கும். சந்தை மூடியிருக்கும்போது விலை தாவுவதும் இதே வகை. அதற்கு இன்னோர் ஆப்ஷனை வாங்குவது மட்டுமே தீர்வு. ஆகையால் உங்கள் ஊசலாட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு நாள் லாப நஷ்டத்தையும் நான்காகப் பிரித்து எழுதுங்கள்: பரிமாற்றச் செலவு, காமாவும் காலத் தேய்வும் சேர்ந்த பகுதி, ஆப்ஷனின் சந்தை வாலட்டிலிட்டி மாறியதால் வந்த பகுதி, மிச்சம். காமா பகுதி நாளுக்கு நாள் இருபுறமும் மாறி மாறி விழுந்தால், பட்டையைக் குறுக்கிப் பார்க்கலாம். அது தொடர்ந்து நட்டத்தின் பக்கமே சாய்ந்தால், நீங்கள் ஆப்ஷனை மலிவாக விற்றிருக்கிறீர்கள். அந்த நிலையில் பட்டையைக் குறுக்கினால் கூடுவது செலவு மட்டுமே.